வீணையும் ஒரு போலரைசர் பில்டரும்: மூன்று வருட அனுபவம்

மட்டக்களப்பில் ஒரு இசைப் பள்ளிக்கு வருடா வருடம் விஜயதசமிக்கு முன்னால் வீணைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் அறிவித்தலுக்கும் மேடைப் பின்திரைக்கும் அதே படம்தான். ரீச்சர் கேட்டது மூன்று: பலாமரத்தின் ரேகை தெரிய வேண்டும், தந்திகள் மின்ன வேண்டும், கச்சேரி மேடையின் மஞ்சள் வெளிச்சம் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே படத்தில் சேர்வதுதான் கஷ்டம். மரத்துக்கு மேல் பொலிஷ் இருப்பதால், தந்தி மின்ன லைற்றைக் கொண்டுபோனால் பலகை முழுக்க வெள்ளைப் பூச்சாகி ரேகை மறைந்துவிடும்.

100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் நான் போட்டிருக்கும் வட்டப் போலரைசர் பில்டர்தான் இதைத் தீர்த்தது. பொலிஷில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அது தடுக்கும். உலோகத்தில் தெறிப்பதை அவ்வளவாகத் தடுக்காது. வளையத்தை மெல்லத் திருப்பும்போது பலகையின் வெள்ளை மங்கி, அடியிலிருந்து பழுப்பு ரேகைகள் எழுந்து வரும், தந்திகளின் மினுக்கம் அப்படியே நிற்கும். முதல் தடவை திரையில் அதைப் பார்த்தபோது வளையத்தை மூன்று முறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

ஆனால் கோணம் முக்கியம். நேர் மேலேயிருந்து எடுத்தால் பில்டர் எதுவும் செய்யாது. கமராவைத் தாழ்த்தி, பலகையோடு ஏறத்தாழ 35 பாகைச் சரிவில் பார்க்க வேண்டும். லைற்றும் எதிர்ப்பக்கத்தில் அதே சரிவில் இருக்க வேண்டும். குடத்தின் மேற்பலகை தட்டையானது, அங்கே முழுப் பலன் கிடைக்கும். குடத்தின் வளைந்த பக்கத்தில் ஒரு பட்டை மட்டும் தெளியும், மற்ற இடம் மினுங்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நான் தந்திகளைத் தாங்கும் குதிரையையும் அதைச் சுற்றிய பலகையையும் மட்டும் சட்டத்துக்குள் எடுக்கிறேன்.

அடுத்தது தந்தி. தந்தி ஒரு மெல்லிய உருளை. சின்ன பல்பை வைத்தால் ஒவ்வொரு தந்தியிலும் ஒரு புள்ளிதான் மின்னும். நான்கு அடி எல்.ஈ.டி. ரியூப்பைத் தந்திகளுக்கு இணையாக, இரண்டடி தள்ளி வைத்து, மேலே டிரேசிங் பேப்பர் சுற்றினேன். மினுக்கம் தந்தி நீளத்துக்கும் ஒரு கோடாக ஓடியது. முதல் வருடம் வீட்டில் இருந்த வெள்ளை ரியூப்பையே வைத்தேன். உருக்குத் தந்திகளான சாரணியும் பஞ்சமமும் நீலமாகக் குளிர்ந்து போய், பின்னால் இருந்த மஞ்சளோடு ஒட்டவே இல்லை. இப்போது 3000 கெல்வின் ரியூப் பாவிக்கிறேன். கமராவில் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் அது மஞ்சளைப் பிடுங்கிவிடும். 4000 கெல்வினில் கையால் நிறுத்தினால் மேடைச் சூடு படத்தில் தங்கும்.

எல்.ஈ.டி.க்கு மாறியதற்கு உண்மைக் காரணம் வேறு. ஆரம்பத்தில் 500 வாட் ஹலஜன் லைற் ஒன்றை வீணைக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் எரிய விட்டேன். ரீச்சர் வந்து சாரணியை மீட்டியதும் முகம் மாறியது. "மகன், இது இரையுது. இங்க பாருங்க, மெட்டு அசையுது." தண்டியில் மெட்டுகளைப் பிடித்திருப்பது மெழுகு. கைவைத்தபோது அது இளகிக் கிடந்தது, இரண்டு மெட்டுகள் சாய்ந்திருந்தன. மெட்டுகளை மெழுகில் திரும்பச் சரியாகப் பதிப்பதைத்தான் மேளம் கட்டுவது என்பார்கள், அது தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் போனது. அதுவரை அந்த வீணையில் படித்த பிள்ளைக்கு வகுப்பில் கருவி இல்லை. அதை இன்னும் மறக்கவில்லை. இப்போது லைற் எதுவானாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெட்டுப் பக்கத்து மரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

பில்டர் ஒன்றரை ஸ்டொப் அளவு வெளிச்சத்தை விழுங்கும். நெருக்கப் படத்தில் f/2.8 வைத்தால் ஒரு தந்தி மட்டும் தெளிவாக இருக்கும். நான்கும் தெரிய f/11 வேண்டும். ஆகவே ஐ.எஸ்.ஓ. 100, அரைச் செக்கன், முக்காலி, இரண்டு செக்கன் டைமர். மலிவான டிமர் போட்ட லைற்றில் வேகமான ஷட்டர் வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். அரைச் செக்கனில் அந்தத் தொல்லையும் இல்லை.

படம் எடுக்கும் நாளில் புதுத் தந்தி போடச் சொல்லுங்கள். வாவிக் காற்றுப் படும் எங்கள் ஊரில் உருக்குத் தந்தியில் சீக்கிரமே செம்புள்ளி ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, மேக்ரோவில் பெரிதாகத் தெரியும். மந்தரத் தந்திகளில் மங்கல் இருந்தால் நான் துடைக்கச் சொல்வதில்லை, அந்த மங்கிய பொன் நிறம் மரத்தோடு சேர்ந்து நிற்கும்.

பில்டரில் ஒரு குறை: மார்கழி மழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் சிலந்தி வலை போல பூஞ்சணம். உள்ளே துடைக்க வழி இல்லை, வேறொன்று வாங்கினேன். இரண்டாவதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். இரண்டு மாரி கழிந்தும் கண்ணாடி தெளிவாகவே இருக்கிறது.