30 டிகிரி என்று காட்டிய சாய்வுமானி, 40 மில்லிமீட்டர் தள்ளிப்போன கன்வேயர்

தெலுக் இந்தான் பக்கம் செம்பனை ஆலைகளுக்கு இரும்பு வேலை செய்கிறேன். டிஜிட்டல் சாய்வுமானி வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

டவுனில் ஒரு கடையில் 190 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். காலிப்ரேஷன் செய்து தருகிறேன் என்று தனியாக 80 வெள்ளி வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திய தாளும் கொடுத்தார்கள். "ரெண்டு டெசிமல் காட்டுது அண்ணே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து ஒரே இடத்தில் பத்து தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே எண் வந்தது. மனசு நிம்மதியாகிவிட்டது.

அடுத்த வாரம் 6 மீட்டர் நீளக் கன்வேயரை அதை வைத்து 30 டிகிரிக்குச் சாய்த்துக் கால்களை வெல்டிங் செய்தோம். தூக்கி நிறுத்தியபோது மேல்முனை 40 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஃபிளாஞ்ச் ஓட்டைகள் ஒன்றும் சேரவில்லை. இரண்டு நாள் அறுத்து ஒட்டினோம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் சமதள மேசையில் வைத்து ஜீரோ செய்தார். பிறகு கோணத்தைத் துல்லியமாக அமைக்க உதவும் சைன் பாரை எடுத்தார். அதன் இரண்டு முனை உருளைகளுக்கும் நடுவே சரியாக 100 மி.மீ. ஒரு உருளைக்கடியில் கேஜ் பிளாக் என்ற 50 மி.மீ. துல்லிய அளவுக் கட்டையைச் செருகி, பாரின் மேல் என் கருவியை வைத்தார். 50-ஐ 100-ஆல் வகுத்தால் 0.5, அது 30 டிகிரியின் சைன். பிளாக்கில் 0.01 மி.மீ. பிசகினாலும் கோணம் 0.01 டிகிரிகூட மாறாது. அதனால் சந்தேகப்பட வேண்டியது கருவியைத்தான். அது காட்டியது 30.45.

பத்து தடவை வைத்தார். 30.40-க்கும் 30.50-க்கும் நடுவிலேயே நின்றது. 17.365 மி.மீ. உயரம் கொடுத்து 10 டிகிரியில் பார்த்தார், 10.15 வந்தது. கோணம் கூடக்கூடப் பிழையும் கூடுகிறது. இதை ஜீரோ பட்டனால் சரிசெய்ய முடியாது.

என் கருவி 0.05 டிகிரி படியில்தான் எண்ணை மாற்றுகிறது. அந்தப் படி அதன் திரையைப் பற்றியது, உண்மையைப் பற்றியதல்ல. பத்து தடவையும் ஒரே எண் வந்தது என்றால், ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நான் வீட்டில் செய்த சோதனையில் இது தெரியவே வழியில்லை.

அந்தத் தாளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். சோதித்த கோணம் 0.00 மட்டும். எந்தக் கருவியோடு ஒப்பிட்டார்கள், பிழை எவ்வளவு இருக்கலாம், ஒரு வரியும் இல்லை. மலேசியாவில் ஆய்வகங்களுக்குக் கொடுக்கும் சாம் அங்கீகார முத்திரையும் இல்லை. நண்பர் மேசையில் 180 டிகிரி திருப்பி வைத்தும் பார்த்தார், ஜீரோ சரியாகவே இருந்தது. 80 வெள்ளிக்கு அவர்கள் பார்த்தது அதை மட்டும்தான்.

பணத்தைக் கேட்டேன். "ஜீரோ சரியா காட்டுதே அண்ணே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதே மாடல் இன்னும் நாலு பெட்டி, அதே மாதிரித் தாளோடு, அவர் அலமாரியில் இருக்கிறது.