வஞ்சிரத்தின் ஓரத்தில் நீலக்கோடு: ஸ்டிக்கருக்குத் தானியங்கி வெட்டா, கை வெட்டா?

காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தை, காலையில் எந்த மீன் வந்திருக்கிறது என்பதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகவே போட்டுவிட விரும்பினார். அதற்காக நீலத் தார்ப்பாயின் மேல் கிடந்த ஒரு வஞ்சிரத்தைப் படமெடுத்து, இரண்டு வழிகளில் வெட்டிப் பார்த்தேன். ஒன்று, வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் ஸ்டிக்கர் உருவாக்கும் வசதி. மற்றொன்று, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் GIMP என்ற படத்திருத்தி. இப்போது நான் இரண்டாவதன் பக்கம்தான்.

முதல் வழியின் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தால் பின்னணி தானாகவே போய்விடும். ஆனால் வஞ்சிரத்தின் முதுகிலிருந்து வால் வரை வரிசையாக நிற்கும் சிறு துடுப்புகளை அது பின்னணி என்று எண்ணி விழுங்கிவிட்டது. வாலின் பிளவுக்குள் தெரிந்த தார்ப்பாயையோ மீன் என்று எண்ணி விட்டுவைத்தது. அத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “இன்னாப்பா, சீலாவைப் போட்டுட்டு வஞ்சிரம்னு சொல்லினு கீற?” என்றார். துடுப்பு வரிசை போனால் வஞ்சிரத்தின் அடையாளமே போய்விடுகிறது.

இருந்தாலும் எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது துடுப்பு அல்ல, ஓரம். படத்தில் மீன் முடிந்து தார்ப்பாய் தொடங்கும் இடத்திலுள்ள பிக்சல்கள் முழு வெள்ளியாகவும் இருப்பதில்லை, முழு நீலமாகவும் இருப்பதில்லை. இரண்டும் கலந்தே இருக்கும். போதாக்குறைக்கு, வஞ்சிரத்தின் பளபளப்பான தோல் அடியிலிருக்கும் நீலத்தையும் பிரதிபலிக்கிறது. வெளிறிய உரையாடல் பின்னணியில் இந்தக் கலப்பு கண்ணில் படாது. ஆனால் குழுவில் யாராவது டார்க் மோடில் திறந்தால், மீனைச் சுற்றி அழுக்கு நீலக்கோடு ஒன்று தெரியும். வெள்ளைக் கரை போட்டால் மறைந்துவிடும் என்று நினைத்தேன். அது கோட்டுக்கு வெளியேதான் விழுகிறது என்பதால் நீலம் முன்னிலும் எடுப்பாகத் தெரிந்தது.

GIMP-இல் இதைத் தீர்க்க, படத்தைச் சிறிதாக்குவதற்கு முன்பே, முழு அளவிலேயே வெட்ட வேண்டும். Paths கருவியால் மீனைச் சுற்றிப் புள்ளி வைத்து, அந்தப் பாதையைத் தேர்வாக மாற்றி, Select > Shrink கொடுத்து 3 பிக்சல் உள்ளே இழுத்தேன். என் படத்தில் மீன் ஏறத்தாழ 2800 பிக்சல் நீளம். ஸ்டிக்கரில் அது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால், இழந்த 3 பிக்சல் கடைசியில் அரை பிக்சல்தான். துடுப்புக்குச் சேதமில்லை, நீலமும் போயிற்று. பிறகு Layer > Transparency > Add Alpha Channel கொடுத்து, தேர்வைத் தலைகீழாக்கி, பின்னணியை நீக்கினேன். ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் இந்த ஆல்பாவைச் சேர்க்காமல் நீக்கினால் அந்த இடம் வெறும் நிறத்தால்தான் நிரம்பும்.

கரை போடுவது இதற்கு நேர்மாறானது. சிறிதாக்கிய பிறகுதான் போட வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512-க்கு 512 பிக்சல் சதுரம். ஓரத்தில் 16 பிக்சல் இடமும், உருவத்தைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளைக் கரையும் இருப்பது நல்லது என்பது அவர்களுடைய பரிந்துரை. இருபுறமும் கழித்தால் மீனுக்கு மிஞ்சுவது 464. அந்த நீளத்துக்குக் குறைத்து, Image > Canvas Size-இல் 512 ஆக்கி, மீனை நடுவில் வைத்து, Alpha to Selection, Select > Grow 8 என்று கொடுத்து, மீனுக்குக் கீழே ஒரு புதிய லேயரை அமைத்து அதில் வெள்ளை நிரப்பினேன். முழு அளவிலேயே 8 பிக்சல் கரை போட்டிருந்தால், சுருங்கிய பின் அது ஒரு மயிரிழையாகத்தான் தெரிந்திருக்கும்.

முடிந்த PNG-ஐக் கணினியிலிருந்து கைபேசிக்குச் சாதாரணப் புகைப்படமாக அனுப்பிவிடக் கூடாது. நான் முதல் முறை அப்படித்தான் அனுப்பினேன். வழியில் அது JPEG ஆகி, ஒளிபுகும் இடமெல்லாம் நிறம் ஏறி, மீன் ஒரு கட்டத்துக்குள் அடைபட்டு வந்தது. ஆவணமாக அனுப்பி, ஸ்டிக்கர் தொகுப்பு கட்டும் செயலியில் சேர்த்தேன். ஒரு தொகுப்புக்குக் குறைந்தது மூன்று ஸ்டிக்கர் வேண்டும் என்பதால் இறாலும் இன்னொரு மீனும் உடன் சேர்ந்தன. நகராத ஸ்டிக்கரின் கோப்பு 100 கேபிக்குள் அடங்க வேண்டும். இவை எளிதாகவே அடங்கின.

ஐபோனில் படத்தை அழுத்திப் பிடித்தால் உருவம் தானே பெயர்ந்து வருவதை மைத்துனரின் கைபேசியில் இரண்டு முறை மட்டுமே முயன்றிருக்கிறேன். சுவர் முன் வைத்த கேரம் ஸ்ட்ரைக்கரை அது குறையின்றி எடுத்தது. வஞ்சிரத்தில் வால் பிளவுக்குள் தெரிந்த தார்ப்பாயை அதுவும் விட்டுவைத்தது. உருண்டையான, ஓரம் தெளிவான பொருளுக்கும், ஒரு நாள் சிரிப்புக்காகப் போடும் ஸ்டிக்கருக்கும் நான் தானியங்கி வழியையே சொல்வேன். தினமும் காலையில் எல்லார் திரையிலும் வந்து நிற்கப்போகும் மீனுக்கு முக்கால் மணி நேரம் செலவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்தது நண்டு, அதன் கால்களுக்கிடையே உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனிப் பாதையாக வெட்ட வேண்டியிருக்கிறது. அதனால் இம்முறை படமெடுக்கும்போதே நீலத் தார்ப்பாயை எடுத்துவிட்டு, அத்தையின் பழைய சாம்பல் நிறக் கோணியை விரித்துக்கொண்டேன்.