"நாம்" எழுதுவதா, "நாங்கள்" எழுதுவதா? வன்னியில் மொழிபெயர்க்கப்படும் குழுச் செய்திகள் பற்றி ஓர் ஒப்பீட்டு அலசல்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறு குளத்தைப் புனரமைக்கும் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலையை நடத்தும் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அந்த அலுவலகத்தாரும் கிளிநொச்சியில் உள்ள களப்பணியாளர்களும் அவ்வூர்க் கமக்கார அமைப்பின் செயலாளரும் இருக்கிறார்கள். முகாமையாளர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், ஒருவர் அதைத் தமிழாக்கிப் போடுகிறார். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே ஒரு சொல்தான். சிங்களத்தின் "அபி"யும் அப்படியே. ஆகவே அந்தச் சொல் வந்த இடங்களை இங்கே வெற்றிடமாக விடுகிறேன்:

"குளக்கட்டு வேலையில் ____ இரண்டு வாரம் பிந்திவிட்டோம். நிதி வழங்குவோருடன் ____ பேசியிருக்கிறோம். வேலைக் காலத்தை ஒக்டோபர் நடுப்பகுதி வரை நீட்டிக்க ____ முடிவு செய்திருக்கிறோம். மழைக்கு முன் துருசுக் கதவை ____ பொருத்தி முடிக்க வேண்டும். ஏதும் சிக்கல் என்றால் ____ அறிவியுங்கள்."

ஐந்து வெற்றிடங்கள். ஐந்திலும் ஒரே சொல்லைப் போட்டு நிரப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது "நாம்", கேட்பவரை வெளியே நிறுத்துவது "நாங்கள்" என்பது பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம். அதை இந்த ஐந்து வாக்கியங்களில் வைத்துப் பார்த்தால்தான் எது எவ்வளவு விலை கேட்கிறது என்பது தெரியும்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். கடைசி வாக்கியத்தில் "எங்களுக்கு அறிவியுங்கள்" தவிர வேறு எதுவும் பொருந்தாது. அறிவிப்பவர் ஒரு பக்கம், கேட்டுக்கொள்பவர் மறு பக்கம். "நமக்கு அறிவியுங்கள்" என்றால் தனக்குத் தானே கடிதம் எழுதச் சொன்னது போலாகிவிடும். நிதி வழங்குவோருடன் பேசியதும் அப்படித்தான். அந்த உரையாடலில் செயலாளர் இருக்கவில்லை. "நாம் பேசியிருக்கிறோம்" என்று எழுதினால், நான் எப்போது பேசினேன் என்று அவர் நினைப்பார். கேட்கவும் செய்வார்.

முதல் வாக்கியம் அவ்வளவு லேசானதன்று. பிந்தியது யார்? "நாம் பிந்திவிட்டோம்" என்றால் அலுவலகம், களம், ஊர் மூன்றின் மீதும் பழி சமமாக விழுகிறது. துருசுக் கதவை வாங்கும் கோப்பு கொழும்பு மேசையொன்றில் தூங்கியதால் வந்த தாமதம் அது என்றால், வெயிலில் மண் அணைத்தவர்களும் அந்தத் தாமதத்துக்குப் பங்காளி என்று "நாம்" சொல்கிறது. "நாங்கள் பிந்திவிட்டோம்" என்றால் அலுவலகம் தன் தவறை ஏற்றுக்கொள்கிறது. மாறாக, மண் ஏற்றும் வாகனத்தைக் களத்தில் நேரத்துக்கு ஒழுங்கு செய்யாததுதான் காரணம் என்றால், அதே "நாங்கள்" முகாமையாளர் கொடுக்காத ஒரு மன்னிப்பை அவர் பெயரில் கொடுத்துவிடுகிறது. ஆங்கில வாக்கியத்தில் இந்தக் கேள்வியே எழாது. பல வேளைகளில் முகாமையாளர் அந்தச் சொல்லைத் தேர்ந்ததே அது எழாமல் இருக்கத்தான். தமிழில் அந்த மறைவிடம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அவரிடம் கேட்காமல் எதைப் போட்டாலும் அது ஒரு தீர்ப்பு.

மூன்றாவது வாக்கியம்தான் ஆபத்தானது. காலத்தை நீட்டிக்க "நாம் முடிவு செய்திருக்கிறோம்" என்று எழுதினால் செயலாளரின் சம்மதமும் அதற்குள் வந்துவிடுகிறது. வன்னி விவசாயிக்கு "நாம் முடிவு செய்தோம்" என்பது வெறும் அலங்காரப் பேச்சன்று. எப்போது நீர் திறப்பது, எப்போது விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகளும் கமக்காரர்களும் ஒன்றாக இருந்துதான் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுக்கு "நாம்" பொருந்தும். கொழும்பில் நாலு பேர் எடுத்த முடிவுக்குப் பொருந்தாது. ஒக்டோபர் நடுப்பகுதி என்பது காலபோகத்துக்கு வயல் தயாராகும் நேரம். நாளைக்கு யாராவது ஒரு கமக்காரர் கோபத்தோடு வந்து, "நாம் முடிவு செய்தோம் என்று எழுதியிருக்கிறதே ஐயா, நீங்களும் சம்மதித்தீர்களா?" என்று செயலாளரைக் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? இங்கே "நாங்கள்"தான் நேர்மை. சற்று விறைப்பாகத் தெரியும். தெரியட்டும்.

நான்காவது வாக்கியத்தில் நிலைமை தலைகீழ். கதவைப் பொருத்தப் போவது களப்பணியாளர்கள். "நாங்கள் பொருத்தி முடிக்க வேண்டும்" என்று எழுதினால், அலுவலகத்தார் ஆள் அனுப்பப் போகிறார்கள் போலும் என்று களத்தில் காத்திருப்பார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததா என்றால் சேர்ந்தது, நீல நிறக் குறியும் விழுந்தது, வேலை மட்டும் நடக்காது. பணிவாகக் கட்டளையிடும் ஆங்கில நடை தமிழில் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். உண்மையில் அங்கே சொல்ல வந்தது "நீங்கள்". "நாம்" அதை மென்மையாகச் சொல்லும், "நாங்கள்" அதை அழித்துவிடும்.

இதுவரை சொன்னது எழுத்துத் தமிழின் கணக்கு. வன்னியின் பேச்சு இதற்குள் அப்படியே அடங்காது. யாழ்ப்பாணத்தைப் போலவே இங்கும் பேச்சில் "நாங்கள்" பெரும்பாலும் இரண்டு வேலையையும் பார்க்கிறது. பக்கத்து வயல்காரரிடம் பேசும்போதும் "எங்கட குளம்" என்பார்கள். கேட்பவரின் குளமும் அதுதான் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. "நாம்" என்ற சொல் காதில் விழுவது மேடையில், வானொலியில், ஆசிரியர் வாயில். அதனால் இங்கே பிறந்து வளர்ந்த மொழிபெயர்ப்பாளரின் கை தானாகவே "நாங்கள்" பக்கம் போகும். துருசுக் கதவு வாக்கியத்தில் அவர் "நாங்கள்" எழுதும்போது கேட்பவரையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார். நேரில் சொன்னால் குரலும் முகமும் அதைக் காட்டிக் கொடுக்கும். கைபேசித் திரையில், மேலே கொழும்பு அலுவலகத்தின் பெயரோடு வரும் "நாங்கள்" அந்த நெருக்கத்தைக் கொண்டுவராது. எழுத்து என்றவுடன் வாசிப்பவர் இலக்கணப் பொருளுக்குப் போய்விடுகிறார்.

அதற்காக எல்லா இடத்திலும் "நாம்" போட்டால் அறிக்கை வாசிப்பது போலிருக்கிறது என்று களப்பணியாளர்கள் சலித்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வன்னிக் காதுக்குப் பழக்கமான ஒரு வழி இருக்கிறது: "நாங்கள் எல்லோரும்". பேச்சின் சூடும் போகாது, கேட்பவரும் உள்ளே வந்துவிடுவார். இரு தரப்பு என்பது தெளிவாகத் தெரிய வேண்டுமானால் "நீங்களும் நாங்களும்". துருசுக் கதவுக்கு நான் இதைத்தான் எழுதுவேன்.

"எமது" பற்றி ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது செல்லப்பிள்ளை. "எமது திட்டம்", "எமது பிரதேசம்" என்று எல்லாவற்றுக்கும் அதுவே. பிறப்பால் அது "யாம்" வழி வந்தது, "எங்கள்" என்பதன் உறவு. இன்றைய வழக்கிலோ கேட்பவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் வருகிறது. எதையும் தீர்மானிக்க விரும்பாதவருக்கு அது வசதி. ஆனால் "எமது பொறுப்பு" என்று முடியும் ஒரு செய்தியை வாசித்துவிட்டு, அந்தப் பொறுப்பு யார் தலையில் என்று யாரும் சொல்ல முடியாது.

பெயரையே எடுத்துவிட்டு வினைமுற்றை மட்டும் விடுவது இன்னொரு வழி. "முடிவு செய்திருக்கிறோம்", "பிந்திவிட்டோம்". தமிழில் இது இயல்பானது, ஆங்கிலத்தின் மங்கலையும் ஏறக்குறைய அப்படியே காப்பாற்றும். நன்னூல் காலத்தில் இந்த வழிகூட இருந்திருக்காது. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரைச் சேர்க்கும், எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரைச் சேர்க்கும் என்று வினைமுற்றிலேயே அது பிரித்துவைக்கிறது. இன்று "ஓம்" ஒன்றே எல்லோருக்கும் பொது. முகாமையாளரிடம் கேட்க நேரமில்லாதபோது, தாமதம் பற்றிய வாக்கியத்துக்கு இதைப் பயன்படுத்தலாம். முடிவு பற்றிய வாக்கியத்துக்கு மட்டும் கூடாது. அங்கே மங்கலாக எழுதினால் வாசிப்பவர் தனக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்வார்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு விஷயம் எல்லாவற்றையும் குலைத்துவிடும். செய்தி அடுத்த குழுவுக்கு அனுப்பப்படும். களப்பணியாளர் அதை அப்படியே கமக்கார அமைப்பின் குழுவில் போடுகிறார். அங்கே "நாம்" என்ற சொல்லுக்குள், கொழும்பு அலுவலகம் நினைத்தும் பார்க்காத நூறு குடும்பங்கள் நுழைந்துவிடுகின்றன. "நாங்கள்" இன்னும் மோசம். அனுப்பியவர் பெயர் இப்போது களப்பணியாளருடையது. ஆகவே "நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்" என்பது அவர் எடுத்த முடிவாகிவிடுகிறது. குளத்தடியில் மறிக்கப்படுபவரும் அவரே. நாலு பேர் கை மாறக்கூடிய செய்தியில் இரண்டு சொல்லையும் நம்ப முடியாது. "கொழும்பு அலுவலகம் முடிவு செய்திருக்கிறது" என்று ஆளைப் பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். அழகு குறையும், எங்கே போனாலும் பொருள் மாறாது.

ஆகவே அந்தச் செய்தியை நான் இப்படி எழுதுவேன்: "குளக்கட்டு வேலை இரண்டு வாரம் பிந்திவிட்டது. துருசுக் கதவை வாங்குவதில் கொழும்பு அலுவலகத்தில் ஏற்பட்ட தாமதமே காரணம். நிதி வழங்குவோருடன் நாங்கள் பேசியிருக்கிறோம். வேலைக் காலத்தை ஒக்டோபர் நடுப்பகுதி வரை நீட்டிக்கக் கொழும்பு அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. மழைக்கு முன் துருசுக் கதவை நீங்களும் நாங்களும் சேர்ந்து பொருத்தி முடிக்க வேண்டும். ஏதும் சிக்கல் என்றால் எங்களுக்கு அறிவியுங்கள்." இரண்டாவது வாக்கியத்தை முகாமையாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே சேர்க்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் முதல் வாக்கியம் தனியே நிற்கட்டும்.

எதிர்த் திசையில் யாரும் இவ்வளவு கவலைப்படுவதில்லை. களத்திலிருந்து "நாங்கள் அளவை பிழையாக எடுத்துவிட்டோம்" என்று பதில் வருகிறது. களப்பணியாளர் தம் குழுவின் பிழையைத்தான் சொல்கிறார். அது ஆங்கிலத்துக்குப் போனதும், அளவு வரைபடத்தை அனுப்பிய தானும் அந்தப் பிழையில் உண்டா என்று முகாமையாளர் குழம்புகிறார். சிங்களத்துக்குப் போனாலும் இதே கதை. அங்கே "கிளிநொச்சிக் களக் குழு" என்று இரண்டு மூன்று சொல் கூடுதலாகப் போட வேண்டும். தமிழில் "நாங்கள்" என்ற ஒரே சொல் கேட்கப்படாமலே கொடுத்த தகவல் அது.