திரையில் 90, உள்ளே 98: சேக்ரட் ஸ்டோன்ஸை வருடக்கணக்கில் ஆடியதில் ஹிட், கிரிட் பற்றிப் புரிந்தது

கட்டங்களில் ஆட்களை நகர்த்தி முறை வைத்துச் சண்டை போடும் ஃபயர் எம்பளம் விளையாட்டு வரிசையில் 2004இல் வந்த ‘த சேக்ரட் ஸ்டோன்ஸ்’ இன்னும் என் பையை விட்டு இறங்கவில்லை. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியில், தாம்பரம்–பீச் லோக்கலில் உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் ஆடிக்கொண்டிருக்கிறேன். கதையும் இசையும் நன்றாக இருக்கும், அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை இந்த விளையாட்டில் கட்டிப் போட்டிருப்பது, ஒரு அடி படுமா படாதா என்பதை அது முடிவு செய்கிற விதம். அதைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

அடிக்கும் முன்னால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். எவ்வளவு சேதம், ஹிட் எத்தனை, கிரிட்டிக்கல் எத்தனை என்று அதில் இருக்கும். ஹிட் என்பது அடி படும் வாய்ப்பு, கிரிட்டிக்கல் அல்லது கிரிட் என்பது பட்ட அடி மூன்று மடங்கு சேதம் தரும் வாய்ப்பு. ஹிட் 90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை படும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கேம்பாய் அட்வான்ஸில் வந்த மூன்று ஃபயர் எம்பளத்திலும் அப்படி இல்லை. 2002இல் வந்த ‘த பைண்டிங் பிளேட்’ தொடங்கி, 0 முதல் 99 வரை ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறார்கள். அந்தச் சராசரி திரையில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அடி படும்.

```
import random

def hit(h):
    a = random.randrange(100)
    b = random.randrange(100)
    return (a + b) // 2 < h
```

தாயம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டு கட்டைகளையும் உருட்டினால் இரண்டிலும் மூன்று விழுந்து ஆறு வருவதற்குப் பதினாறில் ஒரு வழிதான் உண்டு. கூட்டி மூன்று வருவதற்கு நான்கு வழிகள். இரண்டைச் சேர்த்துப் பார்க்கும்போது நடுவில் உள்ள எண்கள்தான் அடிக்கடி வரும், ஓரங்கள் அரிதாகிவிடும். இங்கேயும் அதேதான். சராசரி 90க்கு மேல் போவது அபூர்வம் என்பதால் திரையில் 90 என்று இருப்பது உண்மையில் 98.1 சதவீதம். 80 என்பது 92.2. 70 என்பது 82.3. 50 மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, 50.5. அதற்குக் கீழே எல்லாம் தலைகீழ்: 30 என்பது 18.3 ஆகிறது, 10 என்பது வெறும் 2.1.

என் சித்தி பையன் பெரம்பூரிலிருந்து வரும்போதெல்லாம் இதைத்தான் கேட்பான். “அண்ணா, எழுபதுன்னு போட்டிருக்கு, ஆனா அநேகமா பட்டுடுதே, எப்படி?” என்பான். அவனுக்கு உறுத்தியது சரியான இடத்தில்தான். விளையாட்டின் உள்ளே எட்டிப் பார்க்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 70ஐ ஒட்டிய ஹிட்டுகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டே வந்தால், படாதவை பத்துக்கு மூன்றாக இல்லாமல் ஆறுக்கு ஒன்று என்ற பக்கம் போய் நிற்கும். 50ஐ ஒட்டியவற்றைக் குறித்தால் வித்தியாசமே தெரியாது. 70ஐப் பார்த்துவிட்டு 50ஐப் பார்க்காமல் விட்டால், ‘விளையாட்டு நம் பக்கம் சாய்கிறது’ என்ற தப்பான முடிவுக்குத்தான் வருவோம். உண்மையில் எதிரிக்கும் இதே இரண்டு எண்கள்தான். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் தலைவனை 30 ஹிட்டில் அடிக்கப் போனால் நமக்கும் 18.3தான்.

ஒரு சண்டையை முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என்னிடம் ஒரு வாள்வீரன். திறமை 13, வேகம் 14, அதிர்ஷ்டம் 7, கையில் கில்லிங் எட்ஜ் என்ற வாள். அதன் எடை அவன் உடல்வாகுக்குள் அடங்குவதால் வேகம் குறையாது. எதிரே அயர்ன் ஆக்ஸ் வைத்திருக்கும் கொள்ளைக்காரன், திறமை 5, வேகம் 6, அதிர்ஷ்டம் 0. அவனும் கோடாரியைச் சிரமமில்லாமல் தூக்குகிறவன்.

எதிரியின் துல்லியம்: கோடாரியின் ஹிட் 75, அதோடு திறமையின் இரண்டு மடங்கு 10, மொத்தம் 85. அதிர்ஷ்டத்தில் பாதியும் சேர வேண்டும், அவனுக்கு அது பூஜ்யம். வாளுக்கு எதிரே கோடாரி தோற்கிற ஆயுதம் என்பதால் 15 கழிந்து 70. என் வீரன் விலகும் திறன்: வேகத்தின் இரண்டு மடங்கு 28, அதோடு அதிர்ஷ்டம் 7, ஆக 35. கழித்தால் சமவெளியில் திரையில் தெரிவது 35. அவனையே பக்கத்துக் காட்டுக் கட்டத்தில் நிறுத்தினால் விலகல் 20 கூடும், திரையில் 15 என்று இறங்கும்.

35, 15 என்று பார்த்தால் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். உள்ளே பார்த்தால் 35 என்பது 24.85, 15 என்பது 4.65. ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அப்புறம் எதிரிகளின் முறையில் நான்கு கொள்ளைக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு அடி கொடுத்தால், சமவெளியில் நான்கையும் தவிர்க்க அவனுக்கு 32 சதவீத வாய்ப்பு. காட்டில் 83. எண் ஒன்றே ஒன்று எடுக்கும் விளையாட்டாக இருந்தால், அதே 15க்கு நான்கையும் தவிர்க்க 52தான் கிடைத்திருக்கும். வாள்வீரனைத் தனியாக முன்னால் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்க முடிவது இதனால்தான். திரையில் உள்ள எண் சொல்வதைவிட அவன் மிகவும் பாதுகாப்பான ஆள்.

ஆனால் இந்தக் காடு எல்லோருக்கும் ஒரே அளவு உதவாது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நான் ஆட்களை நிறுத்தும் முறையே மாறியது. கனமான கவசம் போட்ட, மெதுவாக நகரும் ஒருவனை எதிரி 100 ஹிட்டில் அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காட்டில் நிறுத்தினால் 80 ஆகும். உள்ளே 100 என்பது 92.2 ஆகிறது, எட்டுப் புள்ளிகூட இறங்கவில்லை. அதே 20, ஹிட் 60இல் இருப்பவனை 40க்கு இறக்கும்போது 68.4 என்பது 32.4 ஆகி, 36 புள்ளி விழுகிறது. ஒரே ஒரு காட்டுக் கட்டம்தான் இருக்கிறது, இரண்டு பேர் நிற்க வேண்டும் என்றால் கவசக்காரனை வெட்டவெளியில் விட்டுவிட்டு நடுத்தர வேகக்காரனைக் காட்டுக்குள் அனுப்புவேன். பெரும்பாலோர் எதிர்மாறாகச் செய்கிறார்கள்.

இனி கிரிட்டிக்கல். இதற்கு இந்த இரட்டை எண் சலுகை கிடையாது. ஒரே எண்தான் எடுக்கப்படும், திரையில் உள்ளதுதான் உண்மை. திறமையில் பாதி, அதோடு ஆயுதத்தின் கிரிட், அதிலிருந்து எதிரியின் அதிர்ஷ்டத்தைக் கழிக்க வேண்டும். என் வாள்வீரனுக்கு 13இல் பாதி 6, கில்லிங் எட்ஜின் 30 சேர்த்து 36. கொள்ளைக்காரனின் அதிர்ஷ்டம் பூஜ்யம், ஆக 36 அப்படியே. வேகத்தில் நான்குக்கு மேல் முந்துவதால் என் ஆள் இரண்டு முறை அடிப்பான். ஹிட் 100ஐத் தாண்டிவிட்டதால் இரண்டும் படும். இரண்டில் ஒன்றாவது கிரிட் ஆக 59 சதவீதம். ஆனால் கொள்ளைக்காரன் காட்டில் நின்றால் ஹிட் 87க்கு வரும், உள்ளே 96.75. அடி பட்டால்தான் கிரிட்டுக்கு எண் எடுப்பார்கள் என்பதால் 59 என்பது 57.5 ஆகிறது. பெரிய இழப்பில்லை.

அடி பட்ட பிறகுதான் கிரிட் என்ற இந்த வரிசை, எதிரி கில்லர் ஆக்ஸ் என்ற கோடாரியோடு வரும்போது நம்மைக் காப்பாற்றும். அதன் கிரிட்டும் 30. திறமையில் பாதி 2, என் அதிர்ஷ்டம் 7 போக திரையில் 25. மூன்று மடங்கு சேதம், ஒரு அடியில் ஆள் போய்விடுவான், போனால் திரும்பி வரமாட்டான். பார்த்தாலே பயமாக இருக்கும் எண்தான். ஆனால் கில்லர் ஆக்ஸின் ஹிட் 65தான். சமவெளியில் திரை 25 காட்டும், உள்ளே 12.75, அதில் கால்வாசி 3.2. காட்டில் திரை 5, உள்ளே 0.55, அதில் கால்வாசி ஆயிரத்துக்கு ஒன்றரைகூட இல்லை. விலகும் ஆளுக்கு 25 கிரிட் ஒரு பொருட்டே இல்லை.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மெதுவான கவசக்காரனை ஹிட் 90, கிரிட் 3 என்று ஒரு எதிரி அடிக்கிறான். 3தானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. அவனுக்கோ 90 என்பது 98, கிட்டத்தட்ட எல்லா அடியும் படும், ஒவ்வொன்றும் கிரிட் சோதனைக்குப் போகும். ஒரு அத்தியாயத்தில் அப்படி இருபது அடி வாங்கினால் ஒன்றாவது கிரிட் ஆக 45 சதவீதம். அதனால் கவசக்காரர்களுக்கு அதிர்ஷ்டத்தை ஏற்றும் பொருளைக் கொடுப்பேன். அதிர்ஷ்டம் ஒரு புள்ளி ஏறினால் எதிரியின் கிரிட் ஒரு புள்ளி இறங்கும், நேர்க்கணக்கு. என்னிடம் உள்ள பழக்கம் இதுதான்: என் ஹிட் 80க்கு மேல் இருந்தால் படும் என்றே திட்டம் போடுவேன், என் கிரிட்டை இல்லாததாக வைத்துக்கொள்வேன், எதிரியின் கிரிட் பூஜ்யம் இல்லாவிட்டால் அது விழும் என்று வைத்து உயிரை எண்ணுவேன்.

இன்னொன்று, ரயிலில் ஆடுபவர்களுக்கு. இறங்கும் இடம் வந்ததும் பாதியில் நிறுத்தி, பிறகு தொடரும்போது, அடுத்து வரப்போகும் எண்களின் வரிசையும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும். எழும்பூரில் ஒரு அடி தவறும்போது அணைத்துவிட்டுத் திரும்பத் தொடர்ந்தாலும் அந்த அடி அதே மாதிரி தவறும்.

இந்தக் கணக்கை அப்படியே வேறு விளையாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போக்கிமானில் ஹிட்டுக்கு ஒரே சோதனைதான், ஹைட்ரோ பம்ப் என்ற தாக்குதலின் 80 உண்மையிலேயே 80. இரண்டு முறை தொடர்ந்து பட வேண்டும் என்றால் 64. சேக்ரட் ஸ்டோன்ஸில் அதே 80க்கு 85 கிடைக்கும். அதனால்தான் போக்கிமானில் நான் வலு குறைந்தாலும் 100 உள்ள சர்ஃபையே எடுக்கிறேன். ஃபயர் எம்பளத்திலேயேகூட 2015இல் வந்த ஃபேட்ஸில், 50க்குக் கீழே உள்ள ஹிட்டுகளுக்கு ஒரே எண்தான். மேலே உள்ளவை வழக்கம்போல ஏறியே இருக்கும். அதாவது விலகும் ஆட்களுக்கு அங்கே இந்தச் சலுகை இல்லை. சேக்ரட் ஸ்டோன்ஸ் பழக்கத்தில் 15 ஹிட் உள்ள நான்கு பேர் நடுவே வாள்வீரனை நிறுத்தினால், 83க்குப் பதிலாக 52தான் கையில் இருக்கும்.