40 நொடியில் பொமோடோரோ: தக்காளிக் கதையா, டைமரா?

டைமர் வைத்துப் படிக்கும் பொமோடோரோ முறையை மாணவர்களுக்கு 40 நொடியில் சொல்லும் ஒரு குட்டி வீடியோவுக்கு இரண்டு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டையும் பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளிடம் வாசித்துக் காட்டிவிட்டு, இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

முதலாவது கதையில் தொடங்குகிறது. 1980களின் கடைசியில், கல்லூரி மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரிலோ படிப்பில் மனம் ஒட்டாமல், தக்காளி வடிவச் சமையலறை டைமரைத் திருகி வைத்துப் படித்தார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயர் பொமோடோரோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிதானமாகப் பேசினால் 40 நொடியில் எனக்கு 65, 70 சொற்களுக்கு மேல் போகவில்லை. கதைக்கே 18 நொடி போய்விட்டது. மீதியில் "25 நிமிடம் படி, 5 நிமிடம் ஓய்வு" என்பதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "நடுவுல ஃப்ரெண்ட் மெசேஜ் பண்ணா என்ன மாமா பண்றது?"

என் முடிவை மாற்றியது அந்தக் கேள்விதான். 25, 5 என்ற எண்கள் யாருக்கும் நினைவில் நிற்கும். முறை உடைவது இடைஞ்சல் வரும் இடத்தில். அதற்கு சிரிலோவின் விதி தெளிவானது: மனதில் வேறு எதுவும் வந்தால் குறித்து வைத்துவிட்டுத் தொடர வேண்டும், நிஜமாகவே எழுந்து போனால் அந்தச் சுற்று செல்லாது. பாதிச் சுற்று என்று ஒன்று கிடையாது. இது இல்லாத ஸ்கிரிப்டைக் கேட்பவர், 12ஆம் நிமிடத்தில் போனைத் தொட்டுவிட்டு மிச்சம் 13 நிமிடத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்.

அதனால் இரண்டாவதில் கதையை எடுத்துவிட்டு, அந்த நொடிகளை இதற்குக் கொடுத்தேன்:

"நாளைக்கு பிசிக்ஸ் டெஸ்ட். ஒரு பாடம் மட்டும் எடுங்க. எதை முடிக்கணும்னு தாள்ல ஒரு வரி எழுதுங்க. டைமரை 25 நிமிஷம் வையுங்க. நடுவுல போன் பார்க்கணும்னு தோணுதா? அதே தாள்ல 'போன்'னு எழுதிட்டு, படிப்பைத் தொடருங்க. யாராவது கூப்பிட்டு எழுந்துட்டீங்களா? அந்தச் சுற்று கணக்குல சேராது, திரும்ப முதல்ல இருந்து. மணி அடிச்சா ஒரு டிக். 5 நிமிஷம் எழுந்து நடங்க. நாலு டிக் ஆனா 15லேர்ந்து 30 நிமிஷம் ஓய்வு. இதுதான் பொமோடோரோ."

பெயரைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். பிடித்துப்போனால் தேடிப் பார்க்க அந்த ஒரு சொல் போதும். "நாலு டிக்" வரியில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். வேகமாகப் போனால் எண்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன.

கல்லூரி மாணவர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். இரண்டு பேரிடம்தான் வாசித்துக் காட்டினேன். அதில் ஒருவருக்குத் தக்காளிக் கதைதான் பிடித்தது. புரோகிராம் எழுதும்போது சரியாக ஓடத் தொடங்குகிற நேரத்தில் மணி அடித்துவிடுகிறது என்றார் மற்றவர். அவருக்கு பிசிக்ஸ் டெஸ்ட் வரியை மாற்றி, ரெக்கார்டு நோட் எழுதுவதை வைத்து இன்னொன்று எழுதிப் பார்க்கப் போகிறேன்.