ரிட்டர்ன் வந்த கிரைண்டர்களை டேலியில் தரம் பிரித்து ஏற்றுவது: சில வருஷ அனுபவம்

கோயம்புத்தூரில் டேபிள் டாப் கிரைண்டர் மொத்த விற்பனை எங்களுக்கு. பொள்ளாச்சி, உடுமலை, கோபி டீலர்களிடமிருந்து பார்சலில் திரும்பி வரும் மிஷின்களை டேலி பிரைமில்தான் வரவு வைக்கிறோம். இந்த வேலைக்கென்று தனியாக ஒரு சாஃப்ட்வேர் வாங்காமலே காலம் ஓடுகிறது. எது சரியாக நடக்கிறது, எது இடிக்கிறது என்று எழுதுகிறேன்.

நாலு கோடவுன் வைத்திருக்கிறோம்: ரிட்டர்ன் வரவு, விற்பனை, ரிப்பேர், கழிவு. கிரெடிட் நோட் போடும்போது சரக்கு எப்போதும் ரிட்டர்ன் வரவுக்குத்தான் போகும். பெட்டியில் சீல் இருந்தாலும் அப்படித்தான். இதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளாவிட்டால், பில் போடுகிறவர் கைப்பழக்கத்தில் `Main Location`-ஐத் தட்டிவிட்டுப் போவார், பார்க்காத மிஷின் விற்பனைக்குரிய இருப்பில் ஏறிவிடும். தரம் பார்த்த பிறகு `Alt+F7` அழுத்தி ஸ்டாக் ஜர்னலில் உரிய கோடவுனுக்கு மாற்றுகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் ரிட்டர்ன் வரவு கோடவுனில் இருப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு மிஷின் பார்க்கப்படாமல் மூலையில் கிடக்கிறது என்று அர்த்தம்.

தரம் பார்ப்பதில் முதலில் சீரியல் நம்பர். பேட்ச் வசதியை ஆன் செய்து, சீரியல் நம்பரையே பேட்ச் பெயராக அடிக்கிறோம். புதுப் பெட்டிக்குள் பழைய மிஷினை வைத்து அனுப்புகிற கதை இதில்தான் பிடிபடும். பில்லில் போன நம்பர் ஒன்று, தகட்டில் இருக்கிற நம்பர் வேறு என்றால் கிரெடிட் நோட்டே போடுவதில்லை, டீலருக்குப் போன்தான்.

அடுத்தது கல். பார்க்கக் காய்ந்து சுத்தமாக இருந்தாலும், உருளைக் கல்லின் துளைகளில் நகத்தால் கீறினால் வெள்ளையாக மாவு வரும். நடுவில் இருக்கிற புஷ் பக்கம் மூக்கை வைத்தால் புளிச்ச வாடை அடிக்கும். ஒரே ஒரு தடவை மாவு ஆட்டியிருந்தாலும் எங்களுக்கு அது புதுசு இல்லை. நன்றாக ஓடினாலும் ரிப்பேர் கோடவுனுக்குத்தான் போகும். எங்கள் சர்வீஸ் தம்பிக்கு இதில் வருத்தம்: "நல்லாத்தானுங்ணா ஓடுது, எதுக்கு ரிப்பேர்ல போடறீங்க?" ஆனால் அடுத்து வாங்குகிற அம்மா பெட்டியைப் பிரித்ததும் அந்த வாடையைத்தானே முதலில் பார்ப்பார்.

சீல் உடையாத பெட்டியையும் பிரித்தாக வேண்டும். பார்சல் லாரியில் தூக்கிப் போட்டதில் கல் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருக்கும். ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் நல்ல கல் கணீரென்று கேட்கும், விரிசல் கல் சொத்தென்று கேட்கும். பிறகு டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஒழுக்கு பார்ப்பது, 500 வோல்ட் மெக்கரில் மோட்டாரின் இன்சுலேஷன் பார்ப்பது. 2 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மேற்கொண்டு யோசிப்பதில்லை, ரிப்பேர்தான்.

இனி இடிக்கிற இடம். ரிப்பேர் கோடவுனில் இருந்தாலும் ஐட்டம் ஒன்றேதான். அதனால் ஐட்டத்தின் மொத்த இருப்பைப் பார்த்து சேல்ஸ் பையன் "பத்து இருக்குதுங்க" என்று ஆர்டர் பிடிப்பான், அதில் நாலு ரிப்பேரில் கிடக்கும். சராசரி விலை முறையில் மதிப்பும் புது மிஷினோடு கலந்துவிடும். இதற்கு நாங்கள் கண்ட வழி, ரிப்பேருக்குப் போகும்போதே ஐட்டத்தை மாற்றிவிடுவது. ஸ்டாக் ஜர்னலில் இடப்பக்கம் புது ஐட்டம் ஒன்று குறையும், வலப்பக்கம் "கிரைண்டர் சர்வீஸ்" என்ற தனி ஐட்டம் குறைந்த விலையில் ஏறும். சரிசெய்த பிறகும் அதே பெயரில், சர்வீஸ் மிஷின் என்று சொல்லித்தான் விற்கிறோம்.

கழிவிலும் இதே முறைதான். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு மிஷினில் டிரம் நசுங்கி, கல் இரண்டாகப் பிளந்திருந்தது. மோட்டார் மட்டும் நல்லது. கணக்குக்கு வாங்கிய விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கிரைண்டர் 1, 3,000. வலப்பக்கம் மோட்டார் 1, 900 ரூபாய்க்கு ஸ்பேர் ஐட்டமாக. பழைய இரும்பு 4 கிலோ, கிலோ 40 வீதம் 160 ரூபாய்க்குக் கழிவு கோடவுனில். மொத்தம் 1,060. மீதி 1,940 ரூபாய் நஷ்டம் அந்த மாத லாபத்திலேயே தெரிந்துவிடும். முழு மிஷினாகவே கழிவு கோடவுனில் வைத்திருந்தால், வருஷக் கடைசி வரைக்கும் அந்தப் பணம் சொத்தாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

கல் உடைசலுக்கு மதிப்பு போடுவதில்லை, எடுக்க ஆளும் இல்லை. வரி விஷயத்தில் ஒரு வேலை பாக்கி உண்டு: விற்காமல் தள்ளுபடி செய்கிற சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி இன்புட்டைத் திருப்ப வேண்டும், அதை ஜர்னல் அடித்த அன்றைக்கே ஆடிட்டரிடம் சொல்லிவிடுகிறோம்.

சீரியல் நம்பரை ஒவ்வொன்றாக அடிப்பதுதான் இன்னமும் சலிப்பான வேலை. பார்கோடு ஸ்கேனர் வாங்கினோம், தகட்டில் கோடு இருக்கிற மாடல்களுக்கு மட்டும் உதவுகிறது. பழைய மாடல்களுக்கு நம்பரை இரண்டு பேர் வாசித்துச் சரிபார்த்துத்தான் அடிக்கிறார்கள்.