பரோட்டா கடையில் ஐந்தாவது ஆள்: சராசரியைப் பார்ப்பதா, இறுதிநிலையைப் பார்ப்பதா?

ஒரு பரோட்டா கடையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு கல், மாவு வீச ஒரே ஒரு மேடை. சாயங்காலம் ஆறு மணி முதல் பத்து மணி வரை வியாபாரம். கல்லும் மேடையும் இப்போதைக்கு மாறாது, ஆட்களை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். பொருளியலில் குறுங்காலம் என்பது இதைத்தான்.

கீழே இருப்பவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ஒரு மாலையில் போடும் பரோட்டாக்கள்:

| ஆட்கள் | மொத்தம் | சராசரி | இறுதிநிலை |
|---|---|---|---|
| 1 | 80 | 80 | 80 |
| 2 | 200 | 100 | 120 |
| 3 | 360 | 120 | 160 |
| 4 | 500 | 125 | 140 |
| 5 | 600 | 120 | 100 |
| 6 | 660 | 110 | 60 |
| 7 | 660 | 94 | 0 |
| 8 | 600 | 75 | -60 |

சராசரி என்பது தலைக்கு எத்தனை என்பது. இறுதிநிலை உற்பத்தி என்பது கடைசியாக வந்த ஆளால் மொத்தம் எவ்வளவு கூடியது என்பது. இலங்கைப் பாடநூல்களில் இதையே எல்லை உற்பத்தி என்பார்கள்.

ஒருவரே மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, வீசி, சுட்டு, அடித்து எடுத்தால் கல் பாதி நேரம் சும்மா காயும். மூன்று பேர் வந்ததும் ஒருவர் உருண்டை, ஒருவர் வீச்சு, ஒருவர் கல் என்று வேலை பிரிகிறது. மூன்றாவது ஆள் 160 கூட்டுவது அவர் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. எல்லோரும் ஒரே திறமை என்றுதான் இந்தக் கணக்கே போடுகிறோம்.

நான்காவது வரிசையில்தான் மாணவர்கள் வழுக்குவார்கள். இறுதிநிலை 160-லிருந்து 140-க்கு இறங்கிவிட்டது, சராசரியோ 120-லிருந்து 125-க்கு ஏறுகிறது. முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. சராசரிக்கு, வருகிற எண் முந்தைய எண்ணைவிடக் குறைந்ததா என்பது பொருட்டே அல்ல. தன்னைவிடப் பெரிதா என்பதுதான் கேள்வி. 140 என்பது 120-ஐவிட 20 அதிகம். அந்த 20 நான்கு பேருக்குப் பிரிந்து தலைக்கு 5 கூடுகிறது. ஐந்தாவது ஆள் கொண்டுவரும் 100, 125-ஐவிட 25 குறைவு. அந்தக் குறை ஐந்து பேருக்குப் பிரிந்து தலைக்கு 5 இறங்குகிறது. வளைகோடாக வரைந்தால் இறுதிநிலைக் கோடு சராசரிக் கோட்டை அதன் உச்சியில் வெட்டிக் கீழே இறங்கும். வேறெங்கோ வெட்டினால் படம் தப்பு.

இந்த உற்பத்தியை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். அந்த வெட்டும் இடம் வரை முதல் நிலை. அங்கிருந்து இறுதிநிலை பூச்சியமாகும் ஏழாவது ஆள் வரை இரண்டாம் நிலை. அதற்கு அப்புறம் மூன்றாம் நிலை: எட்டாவது ஆள் வந்ததும் மேடையில் கை மோதுகிறது, கல்லில் திருப்ப இடமில்லை, மொத்தமே 60 குறைகிறது. சம்பளம் வாங்காமல் வந்தாலும் அவர் நஷ்டம்தான்.

சரி, எத்தனை பேரை வைப்பது? மாவு, எண்ணெய், சால்னா செலவு போக ஒரு பரோட்டாவில் 7 ரூபாய் நிற்கிறது, கூலி 500 ரூபாய் என்போம்.

சராசரியை மட்டும் நம்பும் முதலாளி இரண்டு விதமாகத் தவறலாம். "தலைக்கு 125 வரும் நான்கு பேரோடு நிறுத்துவோம்" என்றால் கையில் நிற்பது 1,500 ரூபாய். இல்லை, "எட்டுப் பேர் இருந்தாலும் தலைக்கு 75, அதாவது 525 ரூபாய் வருகிறதே, கூலி 500 தானே" என்று ஆள் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது 200 ரூபாய். இரண்டாவது தவறு எனக்கு அதிக ஆபத்தாகப் படுகிறது. கடை நஷ்டத்தில் ஓடவில்லை என்பதால் அது கண்ணில் படாது.

இறுதிநிலையைப் பார்ப்பவர் ஐந்தாவது ஆளின் 100 பரோட்டாவை 700 ரூபாயாக எண்ணி, 500 கொடுத்து வைத்துக்கொள்வார். ஆறாவது ஆளின் 60 பரோட்டா 420 ரூபாய்தான் என்பதால் வேண்டாம் என்பார். மிச்சம் 1,700 ரூபாய். கூலி 400 ஆனால் ஆறாவது ஆளுக்கும் இடம் உண்டு. ஆக, ஆள் எடுக்கும் முடிவுக்கு இறுதிநிலைதான். சராசரி இரண்டாம் நிலை எங்கே தொடங்குகிறது என்று காட்டும். அதோடு, கடையைத் திறந்து வைப்பதா என்றும் சொல்லும்: சராசரியின் உச்சமான 125 பரோட்டாகூட 875 ரூபாய்தான், கூலி அதைத் தாண்டினால் எத்தனை பேரை வைத்தாலும் கட்டாது.

இதெல்லாம் போட்ட பரோட்டா அத்தனையும் அதே விலைக்கு விற்றால்தான். ஒரு மாலைக்கு 300 பரோட்டாவுக்கு மேல் விற்காத தெருவில் கடை முதல் நிலையிலேயே நின்றுவிடும், அதில் முதலாளியின் தவறு எதுவும் இல்லை. இன்னொரு கல் வாங்கிப் போட்டால் அட்டவணையை முதல் வரியிலிருந்து மறுபடி எழுத வேண்டும். அப்போது எட்டாவது ஆளுக்கும் நிற்க இடம் கிடைக்கலாம்.